காத்திருந்த நாளுக்கு என்ன மதிப்பெண்?

"சார், என் ஜாப் உயிரோட இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

முனைவர் பட்டத்துக்காக நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த மாணவி அவர். கணக்கீட்டை எங்கள் கணினிக் கூட்டத்துக்கு அனுப்பி 23 நாள் ஆகியிருந்தது. திரையில் அந்த வேலைக்கு நேராக `PD` என்ற இரண்டு எழுத்து மட்டும் நின்றது. வேலை வரிசையில் இருக்கிறது, இன்னும் தொடங்கவில்லை என்று அதற்குப் பொருள். காரணம் என்ற இடத்தில் `Priority` என்று போட்டிருந்தது. அதாவது, உனக்கு முன்னால் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 23 நாளும் அதே பதில்தான்.

அப்போது நான் ஒரு கல்வி நிறுவனத்தில் அந்தக் கணினிக் கூட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தேன். கிளஸ்டர் என்று சொல்வோம். 20 கணினிகளை ஒன்றாகப் பிணைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நோட் என்று பெயர். யாரும் அதன் முன்னால் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. என்ன கணக்கு, எத்தனை நோட் வேண்டும், எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதி அனுப்பிவிட வேண்டும். அது வரிசையில் சேரும். நோட் காலியாகும்போது அடுத்து யாருடைய வேலையை ஏற்றுவது என்பதை ஸ்லர்ம் என்ற மென்பொருள் முடிவு செய்யும். உலகின் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் வரிசையை நடத்துவதும் இதே மென்பொருள்தான்.

வந்தவர் வந்த வரிசையில் என்ற முறை அங்கே சரிப்படாது. நிதி பெற்று, காலக்கெடுவோடு நடக்கும் ஆய்வுத் திட்டங்கள் உண்டு. பயிற்சிக்காக மாணவர்கள் அனுப்பும் வேலைகளும் உண்டு. அதனால் எங்களிடம் இரண்டு தரம்: மேல்நிலை, கடைநிலை. மாணவர்கள் அனுப்புவது தானாகவே கடைநிலையில் சேரும். இதில் அநியாயம் எதுவும் இருப்பதாக அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நடந்தது என்னவென்றால், அந்த மூன்று வாரமாக ஒரு ஆய்வுக் குழு மேல்நிலையில் இடைவிடாமல் வேலை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு நோட் காலியானதும் ஸ்லர்ம் வரிசையைப் பார்க்கும். மேல்நிலையில் ஒருவர் இருப்பார். அவரை ஏற்றும். அடுத்த நோட் காலியாகும்போது இன்னொரு மேல்நிலை வேலை வந்திருக்கும். அதை ஏற்றும். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் சரி. அரை மணி நேரத்துக்கு முன் வந்த அவசர வேலையை, முன்பே வந்த சாதாரண வேலைக்கு முன்னால் ஏற்றுவதுதானே விதி? ஆனால் அந்தச் சரியான முடிவுகளை வரிசையாக அடுக்கினால், மாணவியின் வேலைக்கு முறை வரவே வராது. கணினித் துறையில் இந்த நிலைமைக்குப் பட்டினி என்றே பெயர். பந்தி நடக்கிறது, இலை விழுகிறது, பரிமாறவும் செய்கிறார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை நின்றுகொண்டே இருக்கிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மேல்நிலை வேலைகள் மொத்தத் திறனில் கொஞ்சம் மிச்சம் வைத்தால்கூட, கடைநிலை வேலை எப்படியோ ஓடிவிடும், தாமதமாகும், அவ்வளவுதான். மேலே இருந்து வருவது மட்டுமே மொத்தத் திறனையும் நிரப்பும் அளவுக்குப் போகும்போதுதான் தாமதம் பட்டினியாக மாறும். அதனால்தான் விதியில் உள்ள கோளாறு ஆண்டுக்கணக்கில் தெரியாமலே கிடக்கும். எங்கள் கிளஸ்டரிலும் அந்த மூன்று வாரத்துக்கு முன்புவரை யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை.

இதற்கு மருந்து 1960-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஏஜிங் என்பார்கள், தமிழில் மூப்பு என்று சொல்லலாம். வரிசையில் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. தரத்துக்கு ஒரு பகுதி, காத்திருந்த நேரத்துக்கு ஒரு பகுதி. தரத்தின் மதிப்பெண் அப்படியே நிற்கும். காத்திருப்பின் மதிப்பெண் மணிக்கு மணி ஏறும். கடைநிலையில் சேர்ந்தவர் நாளாக ஆக மெல்ல மேலே வந்து, ஒரு நாள் புதிதாக வரும் மேல்நிலைக்காரரைத் தாண்டிவிடுவார். காத்திருந்ததே அவருக்கு உரிமையாகிவிடுகிறது.

எங்கள் கிளஸ்டரிலும் அது இருந்தது! அதுதான் என்னைக் குழப்பியது. மூப்பு விதி போட்டிருக்கிறோமே, பிறகு எப்படி 23 நாள் என்று அமைப்புக் கோப்பைத் திறந்தேன். நான்கு வரிதான் இங்கே முக்கியம்:

```
PriorityType=priority/multifactor
PriorityWeightQOS=10000
PriorityWeightAge=1000
PriorityMaxAge=7-0
```

இரண்டாவது வரி தரத்துக்கு அதிகபட்சம் 10,000 மதிப்பெண் என்கிறது. மேல்நிலைக்கு அது முழுதாகக் கிடைக்கும். கடைநிலைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 என்று நாங்கள் வைத்திருந்தோம். மூன்றாவது வரி காத்திருப்புக்கு அதிகபட்சம் 1,000 தருகிறது. நான்காவது வரி, அந்த 1,000-ஐ எட்ட 7 நாள் ஆகும், அதற்குமேல் ஏறாது என்கிறது. இந்த 7 நாள் நாங்கள் யோசித்து வைத்ததல்ல; யாரும் எதுவும் எழுதாவிட்டால் ஸ்லர்ம் தானாக எடுத்துக்கொள்வதும் அதுதான். கூட்டிப் பாருங்கள். ஏழு நாள் காத்திருந்த கடைநிலை வேலையின் உச்ச மதிப்பெண் 2,000. இந்த நிமிடம் வந்து சேரும் மேல்நிலை வேலைக்கு, வரும்போதே 10,000. ஏழு நாள் என்ன, ஏழு வருடம் நின்றாலும் எட்டாது. ஏணி இருந்தது; மாடிக்குப் பாதி உயரம்கூட இல்லாத ஏணி.

`sprio` என்ற கட்டளை ஒவ்வொரு வேலையின் மதிப்பெண்ணையும் பிரித்துக் காட்டும். தேவையற்ற பத்திகளை விட்டுவிட்டால் திரையில் தெரிந்தது இது:

```
  JOBID  PRIORITY   AGE    QOS
  48213      2000  1000   1000
  48977     10003     3  10000
```

மேல் வரி மாணவியுடையது. கீழ் வரி அரை மணி நேரத்துக்கு முன் வந்தது. வாரக்கணக்கில் காத்திருந்தவருக்கு 1,000, அரை மணி காத்திருந்தவருக்கு 3 என்று மூப்பு விதி தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. தர மதிப்பெண்ணில் உள்ள 9,000 இடைவெளியைத் தாண்டும் பலம்தான் அதற்கு இல்லை. மூப்பு விதி போட்டிருக்கிறதா என்று கேட்டால் போதாது என்பதை அன்றுதான் கற்றேன். அதன் உச்சம் இரண்டு தரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டுகிறதா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடக் கணக்கு. நாங்கள் அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. பதினோராவது நாள் அவர் பொறுமையிழந்து வேலையை ரத்து செய்துவிட்டு மறுபடி அனுப்பியிருந்தார். "திரும்பப் போட்டா சீக்கிரம் எடுக்கும்னு நினைச்சேன் சார்." பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ரத்து செய்த கணமே பழைய வேலையோடு அதன் மூப்பும் போய்விடும். புதியது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதேபோல, ஒரு வேலை முடிந்த பிறகுதான் இன்னொன்று தொடங்க வேண்டும் என்று இணைத்து அனுப்பினால், இரண்டாவது வேலை காத்திருக்கும் நாட்கள் வழக்கமாக மூப்பில் சேராது. ஓடத் தகுதியோடு காத்திருந்த நேரத்தை மட்டுமே ஸ்லர்ம் எண்ணும். இதையெல்லாம் பயனாளர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

மாற்றினோம். காத்திருப்பின் உச்சத்தை 14,000 ஆக்கி, அதை எட்டும் காலத்தை 14 நாளாக வைத்தோம். நாளுக்குச் சரியாக 1,000 மதிப்பெண். இடைவெளி 9,000 என்பதால், ஒன்பது நாள் காத்திருந்த கடைநிலை வேலை, அன்று புதிதாக வரும் மேல்நிலை வேலைக்குச் சமமாகிவிடும்.

இங்கே சற்று நிதானமாக யோசித்தால் ஓர் அழகான விஷயம் தெரியும். மேல்நிலை வேலைகளும் காத்திருக்கின்றன, அவற்றுக்கும் நாளுக்கு 1,000 ஏறுகிறது. இருவரும் ஒரே வேகத்தில் ஏறினால் நடுவில் உள்ள இடைவெளி மாறுவதே இல்லை. அதாவது ஏற்கெனவே வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் மேல்நிலைக்காரரை, உச்சத்தைத் தொடும்வரை, நான் ஒருபோதும் தாண்ட மாட்டேன். எனக்கு ஒன்பது நாள் கழித்து, அதற்கும் பின்னால் வருபவரைத்தான் தாண்டுவேன். ஆக மொத்தத்தில் விதி சொல்வது இவ்வளவுதான்: கடைநிலை வேலையை, ஒன்பது நாள் தாமதமாக வந்த மேல்நிலை வேலையாக எண்ணிக்கொள். 1-ம் தேதி அனுப்பிய மாணவி, 10-ம் தேதி அனுப்பிய பேராசிரியரோடு தோளோடு தோள் நிற்பார். இப்படிச் சொல்லும்போது எல்லோருக்கும் புரிகிறது. 9,000, 14,000 என்று சொன்னால் எந்தக் குழுவிலும் தீர்மானம் நிறைவேறாது. "மாணவர் எத்தனை நாள் பின்தங்கி நிற்கலாம்?" என்று கேட்டபோது துறைத் தலைவர்கள் ஒரு மணி நேரத்தில் ஒன்பது நாள் என்று முடிவெடுத்தார்கள்.

உச்சம் எதற்கு, ஏறிக்கொண்டே போகட்டுமே என்று கேட்கலாம். உச்சம் வைத்தால் அதற்கென்று ஒரு பலவீனம் உண்டு. கடைநிலை வேலை 15,000-ல் நின்றுவிடும். மேல்நிலை வேலை ஐந்தே நாள் காத்திருந்தால் அதுவும் 15,000-ஐத் தொட்டு, பிறகு தாண்டிவிடும். மேல்நிலைக்காரர்களே ஐந்து நாளுக்குமேல் காத்திருக்கும் அளவுக்கு நெரிசல் வந்தால், பட்டினி திரும்ப வரும். உச்சமே இல்லாவிட்டால் வேறு சிக்கல். மாதக்கணக்கில் மறந்துபோய்க் கிடக்கும் ஒரு வேலை, யாருக்கும் தேவையில்லாத நேரத்தில் எல்லோருக்கும் மேலே போய் நிற்கும். நாங்கள் உச்சத்தை வைத்துக்கொண்டு, மேல்நிலையின் காத்திருப்பு ஐந்து நாளை நெருங்குகிறதா என்று கண்காணித்தோம்.

புதிய விதியை ஒரு மாலையில் போட்டேன். மாணவியின் வேலை மறுபடி அனுப்பிய நாளிலிருந்து 12 நாள் ஆகியிருந்ததால் அதன் மதிப்பெண் ஒரே நொடியில் 13,000 ஆயிற்று. அதுவரை முன்னால் நின்ற மேல்நிலை வேலைகளில் எதுவும் இரண்டு நாளுக்குமேல் காத்திருக்கவில்லை. அவற்றின் உச்சம் 12,000. அவருடைய வேலைக்கு நான்கு நோட் ஒருசேர வேண்டும். வரிசையின் தலைக்கு வந்துவிட்டதால், காலியாகும் நோட்களை ஸ்லர்ம் அதற்காக ஒதுக்கி வைத்தது. மறுநாள் விடியற்காலையில் `PD` என்ற எழுத்து `R` ஆக மாறியது.

ஆனால் அவர் ஒருவர்தானா காத்திருந்தவர்? அதே மூன்று வாரத்தில் தேங்கியிருந்த மற்ற கடைநிலை வேலைகளுக்கும் அதே இரவில் மதிப்பெண் ஏறிவிட்டது. எல்லாம் சேர்ந்து வரிசையின் தலைக்கு வந்தன. காலையில் ஆய்வுக் குழுவின் பேராசிரியர் தொலைபேசியில் கேட்டார்: "என்ன சார் பண்ணீங்க? நேத்து ராத்திரியிலிருந்து எங்களுக்கு ஒரு நோட்கூட கிடைக்கல." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வரிசையில் விதியை மாற்றும்போது, தேங்கிய பழையது மொத்தமும் வெள்ளமாக வரும் என்பதை நான் முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும். அன்றே `GrpTRES=node=6` என்று ஒரு வரம்பு சேர்த்தோம். கடைநிலை வேலைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆறு நோட்டுக்குமேல் எடுக்க முடியாது. தேக்கம் வடிய ஒன்றிரண்டு வாரம் ஆனது. ஆனால் யாரும் முழுதாக நின்றுபோகவில்லை.

இந்த விஷயத்தைப் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் கேள்விப்படும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐபிஎம் 7094 என்ற கணினியை 1973-ல் நிறுத்தியபோது, 1967-ல் அனுப்பிய ஒரு கடைநிலை வேலை இன்னும் ஓடாமல் வரிசையில் இருந்ததாம். பாடப்புத்தகமே அதை வதந்தி என்று சொல்லித்தான் பதிவு செய்கிறது. உண்மையோ இல்லையோ, அந்த 2,000-ஐயும் 10,003-ஐயும் பார்த்த பிறகு என்னால் அதை நம்ப முடிகிறது.

உங்கள் மேசைமேல் உள்ள கணினிக்குள்ளும் இதே சங்கதி நடக்கிறது, நாள் கணக்கில் அல்ல, நொடிக் கணக்கில். விண்டோஸில் ஓடும் பணிகளுக்கு 0 முதல் 31 வரை முன்னுரிமை எண் உண்டு. நொடிக்கு ஒருமுறை அதன் உள்ளே ஒரு காவல்காரன் வரிசையைச் சுற்றிப் பார்ப்பான். ஓடத் தயாராக இருந்தும் ஏறத்தாழ நான்கு நொடி வாய்ப்புக் கிடைக்காத பணி இருந்தால், அதை ஒரே தூக்கில் 15-க்கு ஏற்றிவிடுவான். அது ஒருமுறை ஓடியதும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். படிப்படியாக ஏறும் எங்கள் மூப்பு போலல்ல, பசித்தவரை முன்னால் இழுத்து ஒரு வாய் ஊட்டி அனுப்புவது போல. ஏன் 15? அதற்குமேல் 16 முதல் 31 வரை, தாமதமே கூடாத பணிகளுக்கான தனி அடுக்கு. எவ்வளவு பசித்தவரும் அதற்குள் நுழைய முடியாது. நெஞ்சுவலி என்று வருபவரை, காலையிலிருந்து காத்திருக்கிறேன் என்று சொல்லி யாரும் முந்தக் கூடாது என்பது போன்ற ஏற்பாடு.

இணையத்தின் முன்னோடிகளில் ஒருவராக அறியப்படும் லியோனார்ட் க்ளைன்ராக் 1964-லேயே இதை வேறு விதமாக யோசித்தார். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஏன் ஏற வேண்டும்? அவசரமானவருக்கு வேகமாக, மற்றவருக்கு மெதுவாக ஏறட்டும். நான்குக்கு ஒன்று என்று வேகம் வைத்தால், நான்கு மணி நேரம் காத்திருந்த சாதாரண நோயாளியும் ஒரு மணி நேரம் காத்திருந்த அவசர நோயாளியும் சமம். இதில் இடைவெளி இத்தனை நாள் என்று நிலையாக நிற்பதில்லை, விகிதம்தான் நிற்கிறது. கூட்டம் குறைவான நாளில் சாதாரண நோயாளி சில நிமிடம்தான் பின்தங்குவார். கூட்டம் ஏற ஏறப் பின்தங்குவதும் நீளும். மருத்துவமனைக் காத்திருப்பை ஆராய்பவர்கள் இன்றும் இந்த முறையை எடுத்தாள்கிறார்கள். என்னைக் கேட்டால் கிளஸ்டருக்கும் இதுவே பொருத்தம் என்பேன். நாங்கள் வைத்த ஒன்பது நாள், நெரிசல் இல்லாத வாரத்தில் மாணவரை ஒன்பது நாள் வரை ஒதுக்கிவைக்கத் தயாராக இருக்கும் விதிதான். ஆனால் ஸ்லர்மில் எல்லோருக்கும் மூப்பு ஒரே வேகத்தில்தான் ஏறும்.

மூப்பு வேகத்தைத் தாராளமாக வைத்தால் எல்லோருக்கும் நல்லதாயிற்றே என்ற எண்ணமும் வரும். நாளுக்கு 1,000 என்பதை 9,000 ஆக்கினால் மாணவர் ஒரே நாளில் சமமாகிவிடுவார். ஆனால் அப்போது வரிசையில் எல்லோருடைய மதிப்பெண்ணிலும் பெரும்பகுதி காத்திருப்புக்கானதாகிவிடும். தரம் என்பது பெயருக்குத்தான். வந்தவர் வந்த வரிசை என்ற பழைய முறைக்கே திரும்பிவிடுவோம். அதைவிட முக்கியம், மூப்பு ஒரு நோட்டைக்கூடப் புதிதாக உண்டாக்காது. 20 நோட்டுக்கு 25 நோட்டின் வேலை வந்துகொண்டே இருந்தால், எந்த விதி போட்டாலும் வரிசை நீளத்தான் செய்யும். அந்தத் துன்பத்தை யார் எவ்வளவு சுமப்பது என்பதை மட்டுமே மூப்பு மாற்றும். மாணவியின் 23 நாளைக் குறைத்தபோது, அந்த நாட்கள் பேராசிரியரின் கணக்கில் சேர்ந்தன.

கடைசியாக, இது எங்கள் கண்ணுக்குப் படாமல் போனது எப்படி என்று சொல்ல வேண்டும். நிர்வாகத்துக்கு மாதாமாதம் சராசரிக் காத்திருப்பு நேரம் என்று ஓர் எண் கொடுத்துவந்தோம். அந்த மாதம்கூட அது நன்றாகவே இருந்தது. காரணம், அந்தச் சராசரி அந்த மாதத்தில் தொடங்கிய வேலைகளைக் கொண்டு போடப்பட்டது. தொடங்காத வேலைக்குக் காத்திருப்பு நேரம் இன்னும் முடியவில்லை. அதனால் கணக்கிலேயே வராது. பட்டினி எவ்வளவு மோசமாகிறதோ, அவ்வளவு பேர் கணக்கிலிருந்து விலகுவார்கள், சராசரி அவ்வளவு அழகாகத் தெரியும். பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்களிடம் மட்டும் சாப்பாடு கிடைத்ததா என்று கேட்டு வந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு, அங்கே இருந்தவரை திங்கட்கிழமை காலையில் முதலில் அடித்த கட்டளை இதுதான்:

```
squeue -t PD -S V -o "%i %q %V %r"
```

இன்னும் தொடங்காத வேலைகளை, அனுப்பிய நாள் வாரியாகப் பழையது முதலில் என்று இது அடுக்கிக் காட்டும். சராசரி எதுவும் போடாது. முதல் வரியில் இருக்கும் தேதியைப் பார்ப்பேன். பெரும்பாலும் எட்டு, ஒன்பது நாள் பழையதாக இருக்கும். ஒரு திங்கட்கிழமை 13 நாள் என்று காட்டியது. அந்த வேலைக்கு உரிய மாணவருக்கு, ரத்து செய்துவிடாதீர்கள், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதினேன். செவ்வாய் இரவு அது ஓடத் தொடங்கியது.